கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்பது எப்படி?

"க.க.சாவடியில் சிறிய கன்ட்ரோல் பேனல் பட்டறை நடத்துகிறேன். கஞ்சிக்கோட்டில் உள்ள ஓர் உணவுப் பேக்கிங் ஆலை, 14 லட்சம் ரூபாய் வேலைக்கு விவர ஆவணம் அனுப்பியிருக்கிறது. 'அனைத்து இயந்திரங்களின் தரவையும் சேகரித்துத் தேவையான அறிக்கைகளை வழங்கும் முழுமையான கண்காணிப்பு அமைப்பு, பயிற்சி உட்பட' என்று போட்டிருக்கிறார்கள். 40 சதவீதப் பணம் 'வெற்றிகரமாக இயங்கிய பின்'. போனில் எல்லாம் தெளிவாகப் பேசிவிட்டோம். எழுத்தில் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களோ? கையெழுத்துப் போடலாமா?"

இன்னும் போடாதீர்கள். முன்பணம் அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னால் அதையும் சற்றுத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, முன்மொழிவில் கேட்ட வேலையைச் செய்யத் தொடங்குவதும், அதனுடன் வரும் பணத்தைப் பெற்றுக்கொள்வதும் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். கையெழுத்தே போடாமல் ஆவணத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டவர்களை இந்தப் பகுதியில் பார்த்திருக்கிறேன். நான் வழக்குரைஞர் அல்ல. கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் திட்டப் பிரிவில் இருந்து இத்தகைய ஆவணங்களைப் பல ஆண்டுகள் எழுதியவன். இப்போது கேரள எல்லையில் உள்ள வாளையாருக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில் உள்ள சிறு பட்டறைகளுக்கு அவற்றைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். சட்டம் பற்றி எழுதுவதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை பற்றிய கவலையை முதலில் முடித்துவிடுகிறேன். எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இத்தகைய வாசகங்களில் தந்திரம் இருப்பது அரிது. கொள்முதல் பிரிவில் இருப்பவர் உற்பத்திப் பிரிவிடம் "என்னென்ன அறிக்கை வேண்டும்?" என்று கேட்டிருப்பார். பதில் வந்திருக்காது. மேலிடம் அவசரப்படுத்தியிருக்கும். பழைய ஆவணம் ஒன்றை எடுத்து, 'தேவையான', 'முழுமையான', 'அனைத்து' என்ற சொற்களால் ஓட்டைகளை அடைத்து அனுப்பியிருப்பார். உங்கள் கேள்விக் கடிதத்தைக் காட்டித்தான் அவர் உற்பத்திப் பிரிவிடமிருந்து பதிலைப் பெற முடியும். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒப்பந்தக்காரரைப் பார்த்தால் எங்களுக்குத்தான் உள்ளூரப் பயமாக இருக்கும்; ஆவணத்தைப் படிக்கவே இல்லை என்று பொருள்.

போனில் பேசியது இருக்கிறதே என்கிறீர்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 94, 95-ஆவது பிரிவுகள், பழைய சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆவது பிரிவுகளைப் போலவே, எழுத்தில் வந்துவிட்ட ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சைக் காட்டி மாற்றவோ குறைக்கவோ கூட்டவோ பொதுவாக விடுவதில்லை. அதற்கு விதிவிலக்குகள் உண்டு; ஆவணம் எதுவும் சொல்லாத ஒரு விஷயத்தில் தனியாக வாய்மொழி உடன்பாடு இருந்தால் அதை நிரூபிக்க இடம் கிடைக்கலாம். ஆனால் உங்கள் வழக்கு அந்த விதிவிலக்குக்குள் வருமா என்பதை வழக்கு நடத்திய பிறகுதான் அறிய முடியும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: சொற்கள் பார்த்த மாத்திரத்திலேயே பொருள் தெளிவற்றவையாக இருந்தால், அந்தக் குறையை வெளிச்சாட்சியம் கொண்டு நிரப்ப முடியாது. பழைய சட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் தன் குதிரையை '1,000 ரூபாய்க்கு அல்லது 1,500 ரூபாய்க்கு' விற்பதாக எழுதிக்கொடுக்கிறார். எந்த விலை என்பதைக் காட்டச் சாட்சியம் கொண்டுவர முடியாது.

ஐயமான வாசகத்தை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்வார்கள், அதனால் நமக்கு நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் மற்ற வழிகள் எதிலும் பொருள் தெளியாதபோது கடைசியாக எடுக்கும் கருவி அது. இருவரும் பேரம் பேசித் திருத்திய ஆவணம் என்றால் அதன் வலு இன்னும் குறையும். அதை நம்பி விலை போடக் கூடாது.

இனி உங்கள் ஆவணத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் நான் வைக்கும் சோதனை எளிமையானது. உங்கள் ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும், இதற்கு முன் ஒன்றும் பேசிக்கொள்ளாதவர்கள், வேலை முடிந்த பின் அந்தப் பொருளின் முன் நிற்கிறார்கள். கையில் ஆவணம் மட்டும் இருக்கிறது. 'முடிந்தது', 'முடியவில்லை' என்பதில் இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்களா? வேறு வேறு பதில் வரும் என்றால், அந்த வேறுபாடு பணமா, நாளா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். இப்படிச் சலித்தால் உங்களுக்குப் பத்துக் கேள்விக்குமேல் மிஞ்சாது. ஐம்பது கேள்வி அனுப்பினால் கொள்முதல்காரர் எதையும் படிக்க மாட்டார்.

'அனைத்து இயந்திரங்கள்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆலையை நேரில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு பேச்சுக்கு 11 பேக்கிங் இயந்திரங்கள், அவற்றில் 8 புதியவை, 3 பழையவை என்று வைத்துக்கொள்வோம். புதியவற்றில் கட்டுப்படுத்தியிலிருந்து தரவை எடுக்க ஈதர்நெட் அல்லது ஆர்.எஸ்.485 போர்ட் இருக்கும். பழையவை ரிலேயில் ஓடுபவை. அவற்றில் எண்ணிக்கை வேண்டுமானால் பாக்கெட் விழும் இடத்தில் சென்சார் பொருத்த வேண்டும், ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய மோட்டார் லைனில் கரண்ட் டிரான்ஸ்பார்மர் போட வேண்டும். புதியவற்றிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும்: கட்டுப்படுத்தியின் புரோகிராமை இயந்திரம் செய்த நிறுவனம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கலாம். எந்த முகவரியில் எந்த எண் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால்தான் தரவு வரும். அவர்கள் அதற்குக் கட்டணம் கேட்பதும் உண்டு. இயந்திரத்தில் வெளியார் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்பதும் உண்டு. உங்கள் ஆவணத்தில் இதற்கெல்லாம் 'அனைத்து' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

இதை "அனைத்து இயந்திரங்கள் என்றால் எவை?" என்று கேட்காதீர்கள். திறந்த கேள்விக்கு "ஆலையில் இருப்பவை எல்லாம்" என்றுதான் பதில் வரும். அத்துடன் முன்பு ஐயமாக இருந்தது இப்போது உங்களுக்கு எதிராக உறுதியாகிவிடும். உங்கள் விலை எந்த அடிப்படையில் போடப்பட்டதோ அதை முன்வைத்து, அது சரிதானா என்று கேளுங்கள். நான் எழுதித் தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பிரிவு 2.1-இல் 'அனைத்து இயந்திரங்கள்' என்று உள்ளது. எங்கள் 14 லட்சம் ரூபாய் விலை, இணைப்பு அ-வில் வரிசை எண்ணுடன் குறிப்பிட்ட 8 இயந்திரங்களுக்கு உரியது. தரவு முகவரிப் பட்டியலையும் இயந்திரத் தயாரிப்பாளரின் அனுமதியையும் ஆலை பெற்றுத் தரும் என்பது அதன் அடிப்படை. 9 முதல் 11 வரை உள்ள பழைய இயந்திரங்களையும் சேர்ப்பதானால், சென்சார், வயரிங் உட்படக் கூடுதலாக 1,80,000 ரூபாயும் இரண்டு வாரங்களும் ஆகும். 8 போதுமா, 11 வேண்டுமா என்று உறுதிசெய்ய வேண்டுகிறோம்." இதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு வரி போதும். எதைத் தேர்ந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. பிரிவு எண், உங்கள் புரிதல், மாற்றினால் ஆகும் விலையும் நாளும், ஒற்றை வரியில் சொல்லத்தக்க கேள்வி ஆகிய நான்கும் ஒவ்வொரு கேள்வியிலும் இருக்கட்டும்.

'தேவையான அறிக்கைகள்' என்பதும் இதே வகை. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஷிப்ட் உற்பத்தி, நின்ற நேரம், அலாரம் பட்டியல் என்று நீங்கள் தர நினைப்பவற்றின் மாதிரித் தாள்களை எக்செல்லில் தயாரித்து இணைத்துவிடுங்கள். இதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அறிக்கைக்கும் என்ன விலை என்று ஒரு வரி சேருங்கள். தரவு எத்தனை மாதம் சேமிக்கப்படும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் சர்வர் யார் வாங்குவது என்ற தகராறு அங்கிருந்துதான் முளைக்கும்.

'பயிற்சி' என்ற ஒற்றைச் சொல்லை எல்லாரும் சிறிய விஷயம் என்று தாண்டிப் போவார்கள். நம் எல்லைப் பகுதியில் அது சிறியதன்று. மேலாளர் உங்களுடன் தமிழில் பேசுவார், ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும், சூப்பர்வைசர்கள் மலையாளத்தில் பேசுவார்கள், இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் பலர் வடமாநிலத்தார். மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி வேண்டுமா, ஒரே அமர்வு போதுமா? கையேடு எந்த மொழியில்? திரையில் வரும் அலாரம் வாசகங்கள் எந்த மொழியில்? கடைசிக் கேள்விதான் விலை கூடியது. மலையாளத்திலும் இந்தியிலும் திரை வேண்டும் என்று வேலை முடிந்தபின் சொன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட உங்களைக் கடிக்கக்கூடியது, 5,60,000 ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும் 'வெற்றிகரமாக இயங்கிய பின்' என்ற வாசகம். எத்தனை மணி நேரம் இயங்க வேண்டும், எதை வைத்து வெற்றி என்பது, யார் அதை எழுதித் தருவது, எத்தனை நாளுக்குள் தருவது என்ற நான்குமே அதில் இல்லை. நான் முன்மொழியும் வடிவம் இது: தொடர்ந்து 72 மணி நேர ஓட்டம், அந்த ஓட்டத்தில் ஒரு ஷிப்டில், இயந்திரத்தின் சொந்தக் கவுண்டரும் உங்கள் திரையும் காட்டும் எண்ணிக்கை 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், இணைப்பில் உள்ள அறிக்கைகள் அனைத்தும் அந்த ஓட்டத்தின் தரவோடு வெளிவர வேண்டும். இந்த எண்கள் உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மிகப் பழைய இயந்திரத்தில் 1 சதவீதம் கடினம். அதனுடன் இரண்டு வரிகள் சேருங்கள். முதலாவது, உற்பத்தியையே நிறுத்திவிடும் பெரிய குறை வேறு, திரையில் எழுத்துப் பிழை போன்ற சிறு குறை வேறு என்ற வேறுபாடு வேண்டும். சிறு குறைகள், பின்னால் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலான பஞ்ச் லிஸ்டில் போகும், பணத்தை நிறுத்தாது. இரண்டாவது, ஆலையின் காரணத்தால் சோதனை நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பது. ஓணத்தை ஒட்டி உற்பத்தி நெரிசல், பிறகு விடுமுறை, பிறகு மூலப்பொருள் வரவில்லை என்று உங்கள் 72 மணி நேரம் மூன்று மாதம் தள்ளிப்போகலாம். நீங்கள் தயார் என்று எழுதிக் கொடுத்த 15 நாளுக்குள் ஆலை இயந்திரங்களை ஓட்டித் தராவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும் என்ற வாசகத்தை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

15 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தில், பொருளையோ சேவையையோ ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். எழுத்தில் எந்த உடன்பாடு இருந்தாலும் ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் பணத்தைத் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வாங்குபவர் கேரளத்தில் இருந்தாலும், இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும், விற்பவர் இருக்கும் மாநிலத்தின் வசதி மன்றத்திலேயே முறையிடலாம். பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் இந்தக் கடிகாரம் 'ஒப்படைத்த நாள்' என்று ஒன்று இருந்தால்தான் ஓடத் தொடங்கும். எதை ஒப்படைப்பது என்றே தெளிவில்லாத ஆவணத்தில், "அறிக்கைகள் இன்னும் முழுமையடையவில்லை" என்ற ஒரு வரி மின்னஞ்சல் எப்போதும் ஆட்சேபமாக நிற்கும்.

இந்தச் சட்டத்தில் உறுதியில்லாத இரண்டு இடங்களையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு ஒப்பந்த நாளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது. பின்னர் பதிவு பற்றிய இந்தக் கேள்வி பெரிய அமர்வின் பார்வைக்குப் போயிருக்கிறது. உங்களுக்குப் பதிவு இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் செய்துவிடுங்கள், விவாதமே வராது. அடுத்தது, பொருளும் வேலையும் பிரிக்க முடியாமல் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு இச்சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பேனல் வழங்கலையும், நிறுவுதலையும், பயிற்சியையும் தனித்தனி விலையுடன் தனித்தனி வரிகளாகக் காட்டுமாறு கேட்பது எதற்கும் நல்லது.

பதில் வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது. ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள்: 'இந்த ஆவணமே முழு உடன்பாடு, முந்தைய பேச்சுகள், கடிதங்கள் அனைத்தும் இதனால் நீங்கும்' என்ற பொருளில் ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால், நீங்கள் கேட்டு வாங்கிய அருமையான பதில் மின்னஞ்சல், கையெழுத்துப் போட்ட நிமிடமே நீங்கிப்போன முந்தைய கடிதங்களில் ஒன்றாகிவிடும். எனவே கேள்விகளையும் பதில்களையும் ஒரே தாளில் தொகுத்து, 'விளக்க இணைப்பு' என்று பெயரிட்டு, தேதியும் திருத்த எண்ணும் போட்டு, ஆவணத்தின் இணைப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆவணத்துக்கும் இணைப்புக்கும் முரண் வந்தால் இணைப்பே மேலோங்கும் என்ற வரியும் வேண்டும். பல ஆவணங்களில் முன்னுரிமை வரிசை என்று ஒரு பிரிவு இருக்கும்; அதில் இணைப்புகள் கடைசியில் நிற்கும். அப்படியே விட்டால் உங்கள் தெளிவை அவர்களது தெளிவின்மை வென்றுவிடும்.

அவர்கள் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். பதிலே வராமல் இருக்கலாம். "ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம்" என்று எழுதுவது பலரின் வழக்கம்; ஆனால் ஒருவரின் மௌனத்தைச் சம்மதமாக நீங்களாக அறிவித்துவிட முடியாது. "எங்கள் விலை இந்த இணைப்பின் அடிப்படையில் மட்டும் செல்லும்" என்று எழுதுவதே வலுவானது. அப்போது அது உங்கள் எதிர்முன்மொழிவு. முதலாளியே போன் செய்து, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நாம் இன்று நேற்றுப் பழக்கமா?" என்பார். மறுத்துப் பேச வேண்டாம். அன்றே, "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை" என்று எழுதி, கொள்முதல் பிரிவுக்கும் உற்பத்தி மேலாளருக்கும் நகலுடன் அனுப்பிவிடுங்கள். பதில் தெரிந்தவர் உற்பத்தி மேலாளர், கையெழுத்துப் போடுபவர் கொள்முதல்காரர். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் பாதிதான் கிடைக்கும்.

"எங்கள் நிலையான படிவத்தை மாற்ற முடியாது" என்பதும் அடிக்கடி வரும் பதில். அது பெரும்பாலும் உண்மையும்கூட. கிளை அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. படிவத்தைத் தொட வேண்டாம், இணைப்பு மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், இயந்திரங்களை ஆய்ந்து தரவுப் பட்டியலும் அறிக்கை மாதிரிகளும் தயாரிக்க ஒரு சிறிய தனி ஆர்டர் கேளுங்கள். முதன்மை ஆர்டர் அந்தப் பட்டியலின்மேல் வரட்டும். அதுவும் இல்லையென்றால் 11 இயந்திரங்களுக்கும், மும்மொழித் திரைக்கும், மூன்று மாதக் காத்திருப்புக்கும் சேர்த்து விலை போடுங்கள். அந்த விலைக்குக் கிடைக்காத வேலையை 14 லட்சத்துக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாம் சரியாக நடந்து பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்ததும் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். 'குறிப்பு' என்ற கட்டத்தில் அவர்களது ஆவண எண்ணுடன் உங்கள் விளக்க இணைப்பின் தேதியும் திருத்த எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினியில் ஆர்டர் அடிப்பவர் பழைய எண்ணை மட்டும் அடித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். அப்படி வந்தால் பேனலுக்குத் தகடு வெட்டும் முன் ஆர்டரைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். கஞ்சிக்கோட்டு அலுவலகங்களில் அது ஓரிரு நாள் வேலைதான்.